நடுவிரல் நீட்டினால் அண்ணன்

ஜப்பானில் காது கேளாத ஒருவரிடம் கூடப் பிறந்தவர்களைப் பற்றி விசாரித்தால், அவர் மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு நடுவிரலை மட்டும் நிமிர்த்தி, நம் கண்ணெதிரே மெல்ல மேலே உயர்த்தக்கூடும். முகத்தில் கோபம் இருக்காது. ‘எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார்’ என்கிறார், அவ்வளவுதான். அதே விரலைக் கீழே இறக்கினால் தம்பி. இரண்டு கைகளிலும் நடுவிரலை நிமிர்த்தி, ஒன்றை மேலேற்றி மற்றதைக் கீழிறக்கினால் அண்ணன் தம்பிகள். மூத்தவர் மேலே, இளையவர் கீழே. யாரும் விளக்காமலே புரிகிற ஏற்பாடு.

ஜப்பான் ஆண்ட காலத்தில் அந்த நாட்டுச் சைகை மொழி, காது கேளாதோர் பள்ளிகளின் வழியே கொரியாவுக்கும் தைவானுக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கேயும் இந்த விரல் உறவுமுறையைத்தான் சொல்கிறது. தைவான் சைகை மொழியை ஆராய்கிறவர்கள் இந்தக் கை வடிவத்துக்கே ‘சகோதரன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதே விரலை அமெரிக்காவில் ஒருவர் முகத்துக்கு நேரே நிமிர்த்தினால் அடிதடியில் போய் முடியலாம். அது என்ன வசை என்பதைச் சினிமா பார்க்கிற எல்லோரும் அறிவார்கள், நான் எழுத வேண்டியதில்லை.

அப்படியென்றால் ஒரு சைகையை ஆபாசமாக்குவது எது? விரல் அல்ல என்பது தெரிந்துவிட்டது. அமெரிக்கச் சைகை மொழிக்குள்ளேயே பாருங்கள். மற்ற விரல்களை விரித்து வைத்து, நடுவிரலை மட்டும் சற்று உள்ளே வளைத்து நெஞ்சில் மேல்நோக்கித் தடவினால் ‘உணர்கிறேன்’ என்று பொருள். அதே வளைந்த நடுவிரல்தான் தொடுவதற்கும், நோய்க்கும், மருந்துக்கும் ஆன சைகைகளில் வருகிறது. குழந்தைகளும் பாதிரிமார்களும் நாள் முழுக்கப் பயன்படுத்துகிற விரல் அது.

சைகை மொழியை வெறும் அபிநயம் என்றுதான் கேட்கும் உலகம் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தது. வாஷிங்டனில் உள்ள காலடெட் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துவந்த வில்லியம் ஸ்டோக்கி 1960இல் ஒரு சிறிய நூலை வெளியிட்டார். பேச்சுச் சொல் ஒலிகளாகப் பிரிவதுபோல ஒவ்வொரு சைகையும் சில கூறுகளாகப் பிரியும் என்று அதில் காட்டினார். கையின் வடிவம், கை இருக்கும் இடம், கை அசையும் விதம் ஆகிய மூன்றை அவர் சொன்னார். உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறது, முகம் என்ன செய்கிறது என்பவற்றைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். ‘பல்’ என்பதில் ஓர் ஒலியை மாற்றினால் ‘கல்’ ஆகிவிடுவதுபோல, இவற்றில் ஒன்று மாறினாலும் வேறு சொல் பிறக்கும். சில நேரம் பிறப்பது கெட்ட வார்த்தையாக இருக்கும்.

அமெரிக்கச் சைகை மொழி கற்கப் போகிற கேட்கும் மாணவர்கள் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. ஒரு கிண்ணத்தைப் பிடிப்பதுபோல் கையை வளைத்து, தொண்டைக்குக் கீழே நெஞ்சில் வைத்து, வயிற்றை நோக்கி ஒரே ஒரு முறை இறக்கினால் ‘பசி’. உணவு இறங்கும் பாதையைக் கை வரைந்து காட்டுகிறது. புதிதாகக் கற்றவருக்கு நிறையப் பசிக்கிறது. தமிழில் ‘பசி பசின்னு கத்துறான்’ என்று அடுக்கிச் சொல்கிற வழக்கம் நமக்கே உண்டு. அதுபோல அவரும் ஆர்வத்தில் கையை நெஞ்சில் மூன்று நான்கு முறை ஏற்றி இறக்குகிறார். எதிரே இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். ஏனென்றால், திரும்பத் திரும்பச் செய்தால் அது காம வேட்கை. வடிவம் அதே, இடம் அதே, அசைவின் எண்ணிக்கை மட்டும் வேறு. நிறையப் பசிக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் ஒரே முறைதான் இறக்க வேண்டும். மெதுவாக, அழுத்தமாக, முகத்தைச் சுருக்கிக்கொண்டு.

இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே மொழியில் நல்ல சான்று உண்டு. அதில் ஆண் உறவுகளுக்கான சைகைகள் நெற்றியருகிலும், பெண் உறவுகளுக்கானவை முகவாய்ப் பக்கத்திலும் அமையும். விரித்த கையின் கட்டைவிரல் நெற்றியில் பட்டால் அப்பா, முகவாயில் பட்டால் அம்மா. அந்தக் காலத்து ஆண்கள் தொப்பி விளிம்பைத் தொட்டதும், பெண்கள் தலையணியின் நாடாவைத் தாடைக்குக் கீழே கட்டிக்கொண்டதுமே காரணம் என்று சொல்வது வழக்கம். வசைகளும் இந்த ஒழுங்கை மீறுவதில்லை. ஆங்கிலத்தில் ‘பி’ என்ற எழுத்தில் தொடங்கும் இரண்டு வசைகள் இருக்கின்றன. ஒன்று பெண்ணைப் பெட்டை நாய் என்பது, மற்றது ஒருவனை அப்பன் பெயர் தெரியாதவன் என்பது. ‘பி’ எழுத்தின் கை வடிவத்தை, அதாவது நான்கு விரல்களையும் சேர்த்து நிமிர்த்திக் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கியதை, முகவாயில் தட்டினால் முதலாவது, நெற்றியில் வைத்தால் இரண்டாவது. கெட்ட வார்த்தைக்கும் இலக்கணம் தப்பவில்லை.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். சைகை என்பது கண்ணால் பார்க்கிற படம்தானே, பேச்சு வசையைவிட அது பச்சையாக இருக்காதா? சில சைகைகள் பச்சையாகத்தான் இருக்கின்றன. உடலுறவைக் குறிக்கும் சைகைகளில் கைகளே உடல்களாகின்றன. தமிழிலோ ஆங்கிலத்திலோ அந்தச் சொல்லின் ஒலியில் அந்தச் செயலின் சாயல் ஏதும் இல்லை. மொழி தெரியாதவன் காதில் அது வெறும் சத்தம். இதை வைத்துக்கொண்டு, படம் தெளிவாக இருந்தால் வசை கடுமையாக இருக்கும் என்ற முடிவுக்கு வந்துவிடத் தோன்றும். எனக்கு அது சரியாகப் படவில்லை.

ஏன் என்பதற்கு ஒரு காளையைக் கூட்டிவருகிறேன். ‘காளைச் சாணி’ என்று பொருள்படும் ஆங்கில வசை ஒன்று உண்டு. சுத்தப் பொய், உளறல் என்பதற்கு அமெரிக்கர்கள் அதைச் சொல்வார்கள். அதை அமெரிக்கச் சைகை மொழி அப்படியே உருவமாக்கியிருக்கிறது. இரண்டு முன்னங்கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் கிடைமட்டமாக ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் காளையின் உடல். ஒரு முனையில் உள்ள கை, ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் நிமிர்த்திக் கொம்பாகிறது. மறுமுனையில் உள்ள கை மூடி மூடித் திறக்கிறது. அங்கே என்ன விழுகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. முழு மாடும் நம் முன்னால் நின்று காரியத்தை முடிக்கிறது. மொழி தெரியாதவர்கூடப் படத்தை ஊகித்துவிடலாம்.

இதை நம் கிராமத்துப் பாட்டி ஒருவரிடம் செய்து காட்டினால் என்ன ஆகும்? மாடு, சாணி என்று உடனே கண்டுபிடித்துவிடுவார். வாசல் தெளிக்கவும், மார்கழியில் பூசணிப் பூ செருகி வைக்கவும், பிள்ளையார் பிடிக்கவும் உதவுகிற சாணியில் என்ன வசை இருக்கிறது என்று அவருக்கு விளங்காது. படம் முழுதாகப் புரிந்தும் திட்டு புரியவில்லை. எனவே வசை படத்தில் இல்லை. அந்தப் படத்தை ஒரு சமூகம் எதற்காக எடுத்துக்கொள்கிறது என்பதில் இருக்கிறது. நம் வகுப்பறையில் சுண்டுவிரலைத் தூக்கினால் ‘ஒண்ணுக்குப் போகணும் சார்’. இந்தியச் சைகை மொழியில் கட்டைவிரல் நல்லது, சுண்டுவிரல் கெட்டது. பிரிட்டிஷ் சைகை மொழியிலும் அப்படியே. விரலுக்கென்று சொந்தமாக ஒரு பொருளும் கிடையாது.

பேச்சு வசைக்கு இல்லாத வேறொரு வசதி சைகை வசைக்கு உண்டு. அதைத் திசை வைத்துச் செய்யலாம். ‘கொடு’, ‘கேள்’ போன்ற சைகைகள் யாரிடமிருந்து யாருக்குப் போகின்றன என்பதைக் கை நகரும் பாதையே சொல்லிவிடும். வசையும் அப்படித்தான் ஏவப்படுகிறது. எதிரே நிற்பவனை நோக்கிப் போனால் அவனுக்கு. அரைவட்டமாகச் சுழற்றினால் அங்கே இருக்கிற எல்லோருக்கும். இல்லாத ஆளுக்கும் வழி உண்டு. பேச்சின் தொடக்கத்தில் ‘என் மேலதிகாரி’ என்று சொல்லி வலப்பக்கம் ஓர் இடத்தைச் சுட்டிவிட்டால், அந்த வெற்றிடம் அதன்பின் மேலதிகாரியாகிவிடும். கால் மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் ஏவப்படும் வசை தவறாமல் அவர் தலையில்தான் விழும். விரலை நீட்டிப் பேசாதே என்று நம் ஊரில் சண்டையின்போது எச்சரிப்பார்கள். சொல்லைவிட அது வருகிற திசை சுடும் என்பது நமக்கும் தெரிந்ததுதான்.

கடுமையை ஏற்றுவதும் வேறு வழியில் நடக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர் கோபத்தில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் ஒரு கெட்ட வார்த்தையைச் செருகுவார். அந்தக் கார், அந்தக் கதவு, அந்த மழை என்று எல்லாவற்றுக்கும் அது ஒட்டும். சைகையில் இப்படிச் செருக வேண்டிய அவசியம் குறைவு. ‘கதவு’ என்கிற சைகையையே வெடுக்கென்று, பற்களைக் கடித்துக்கொண்டு செய்தால் போதும். முகம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. முகம்தான் வசையைத் திருப்பியும் எடுத்துக்கொள்கிறது. அதே காளைச் சாணியை ஒரு நண்பனிடம் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு செய்தால் ‘போடா, அளக்காதே’ என்ற அளவுக்கு இறங்கிவிடும். குரல் இல்லாதவர்கள் கத்த மாட்டார்கள் என்று நினைப்பதும் தவறு. கை உடலைவிட்டு அகன்று பெரிதாக வீசினால் கத்தல். மேசைக்கு அடியில், இடுப்பு மட்டத்தில் விரல்களை மட்டும் அசைத்தால் முணுமுணுப்பு.

நாசூக்குக்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலச் சூழலில் வளர்ந்த சைகை மொழிகளில், படமாகக் காட்டத் தயங்குகிற சொல்லை எழுத்து எழுத்தாக விரலால் உச்சரித்துவிடுவது உண்டு. உருவம் மறைந்து எழுத்துக்கூட்டல் மட்டும் நிற்பதால் கூச்சம் குறைகிறது. தமிழில் சொல்லக் கூசுவதை இங்கிலீஷில் சொல்லித் தப்பிக்கிற நமக்கு இது புதிய உத்தி அல்ல.

எது புண்படுத்தும் என்பதிலும் காது கேளாதோர் உலகத்தின் அளவுகோல் வேறு. நம் பழக்கத்தில் ஒருவரைக் குண்டு, சொட்டைத்தலை, பெரிய மூக்கு என்று முகத்துக்கு நேரே சொன்னால் வம்பு. சைகை மொழியில் ஒருவரை அடையாளம் சொல்வதற்குக் கண்ணில் பட்டதைக் காட்டுவதுதான் இயல்பான வழி. பலருக்குப் பெயர்ச் சைகையே கன்னத்து மச்சமோ நெற்றித் தழும்போதான். அதில் யாரும் அவமானம் காண்பதில்லை. ஆனால் தழும்பு வேறு, இனம் வேறு. சீனர்களைக் குறிக்க அமெரிக்கச் சைகை மொழி ஒரு காலத்தில் கண் ஓரத்தைச் சுட்டி விரலைத் திருகியது. அது இழிவு என்று உணர்ந்து, நெஞ்சில் சட்டைப் பொத்தான் வரிசையைக் கோடிடுவது போன்ற சீனர்களின் சொந்தச் சைகைக்குப் பலரும் மாறிவிட்டார்கள்.

அமெரிக்கச் சைகை மொழியின் தகாத சொற்களை ஜீன் மைரஸ், ஜேமி ஃபிஷர், டோனா ஜோ நேப்போலி ஆகிய மூவரும் ஆராய்ந்து 2012இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பேச்சு மொழிகளில் உள்ளதுபோல் உடலையும் கழிவையும் உறவையும் வைத்துத் திட்டுவது அங்கேயும் இருக்கிறது. அவற்றோடு, காது கேளாதோர் வாழ்க்கைக்கு மட்டுமே உரிய வசைகளும் உண்டு. அவற்றில் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லா வசைகளிலும் என்னை யோசிக்கவைத்தது அதுதான்.

கேட்கும் மனிதர் என்பதற்கு அமெரிக்கச் சைகை இது: ஆள்காட்டி விரலைக் கிடையாக வாய்க்கு முன்னால் வைத்துச் சிறு வட்டமாகச் சுழற்ற வேண்டும். வாயிலிருந்து சொற்கள் உருண்டு வருகின்றன. கவனியுங்கள், காது அல்ல, வாய். காது கேளாதோர் கண்ணுக்கு நாம் எந்நேரமும் வாயை அசைத்துக்கொண்டிருக்கிறவர்கள். இதில் வசை எதுவும் இல்லை, வெறும் அடையாளம். இப்போது அதே விரலை, அதே சுழற்சியை, வாயிலிருந்து நெற்றிக்கு உயர்த்துங்கள். ‘இவன் காது கேளாதவன்தான், ஆனால் மூளை கேட்கிறவர்களுடைய மூளை’ என்று பொருள் வந்துவிடும். சைகையைத் தாழ்வாக நினைத்துப் பேச்சுக்குப் பின்னால் போகிறவன், நம்மவன்போல் இருந்து மாற்றான் கண்ணால் நம்மைப் பார்க்கிறவன் என்று அர்த்தம். கேரல் பேடனும் டாம் ஹம்ஃப்ரிஸும் 1988இல் வெளியிட்ட நூலில் இந்தச் சைகையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இருவருமே காது கேளாதவர்கள். இதில் ஆபாசம் கடுகளவும் கிடையாது. குழந்தைகள் முன் காட்டலாம். ஆனால் உரியவருக்குக் காட்டினால் நட்பு முறியும். நம் அகராதியில் ‘கேட்கிறவர்’ என்பது வசையாக முடியும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டோம். நாம் இன்னும் ‘ஊமை’ என்ற சொல்லைச் சாதாரணமாகப் புழங்கிக்கொண்டிருப்பதற்கு, அந்தப் பக்கத்தின் பதில் இது என்று வைத்துக்கொள்ளலாம்.

இவை எல்லாம் யோசித்துச் செய்கிற திட்டுகள். யோசிக்காமல் வருவதும் உண்டு. டூரெட் என்றொரு நரம்பியல் கோளாறு இருக்கிறது. அது உள்ளவர்களில் சிலருக்கு, விருப்பம் இல்லாமலே கெட்ட வார்த்தைகள் வாயிலிருந்து தெறிக்கும். பேச்சு வருவதற்கு முன்பே காது கேளாதவராகிவிட்ட ஒரு பிரிட்டன்காரருக்கு இந்தக் கோளாறு இருந்தது. அவருடைய ஆபாச வசைகள் பிரிட்டிஷ் சைகை மொழியில், கையிலிருந்து தெறித்தன. 2000ஆம் ஆண்டில் மருத்துவர்கள் அதை ஆய்விதழில் பதிவு செய்தார்கள். கை அசைவில் வருகிற கெட்ட வார்த்தையையும் மூளை கெட்ட வார்த்தையாகத்தான் கையாள்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனாலும் ஓர் அடிப்படை வித்தியாசம் மிஞ்சுகிறது. அது எனக்குப் புத்தகத்தில் விளங்கவில்லை, கிண்டி ரயில் நிலையத்தில் விளங்கியது. காது கேளாத இளைஞர்கள் இருவருக்கு நடைமேடையில் வாக்குவாதம். ஒருவன் தாம்பரம் போகும் வண்டியில் ஏறிவிட்டான். வண்டி நகரத் தொடங்கியும் சண்டை நிற்கவில்லை. ஜன்னல் கம்பிகளுக்கு இடையே அவன் கைகள் படபடத்தன. நாமாக இருந்தால் அந்த இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்டிருக்காது. கீழே நின்றவன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு பதிலும் கொடுத்தான். வண்டி வேகம் எடுத்தபோது, நின்றவன் ஒரு காரியம் செய்தான். கண்களை இறுக மூடிக்கொண்டான். ஜன்னலில் இருந்தவனின் கைகள் அப்படியே தொங்கிப்போயின. அவன் முகம் அந்த ஒரு நொடியில் அடைந்த ஆத்திரத்தை, அதற்கு முந்தைய ஐந்து நிமிட வசவில் நான் பார்க்கவில்லை.

பேச்சு வசை சுவருக்கு அப்பாலிருந்தும், இருட்டிலும், முதுகுக்குப் பின்னாலும் வந்து காதில் விழும். காதை மூட இமை இல்லை. சைகை வசைக்கு எதிராளியின் கண் வேண்டும். திட்டு வாங்குகிறவன் பார்த்துக்கொண்டிருந்தால்தான் திட்டவே முடியும். கண்ணை மூடுவதும் முகத்தைத் திருப்புவதும் எதிராளியின் பேச்சையே இல்லாமல் ஆக்கிவிடுகின்றன. கைகளைப் பிடித்து நிறுத்துவது வாயைப் பொத்துவதற்குச் சமம். காது கேளாதோர் நடுவில் எந்த ஆபாசச் சைகையையும்விட இவை பெரிய அவமதிப்பு. சைகைக்காரர்களோடு பழகப் புதிதாக வருகிற நம்மைப் போன்றவர்கள், கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல், செல்போன் மணி அடித்ததும் தலையைத் திருப்பி இதைத்தான் செய்துவிடுகிறோம்.

காது கேளாத ஒருவர் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போது வேறு பக்கம் பார்க்க வேண்டி வந்தால், ஆள்காட்டி விரலை உயர்த்தி ‘ஒரு நிமிஷம்’ என்று காட்டிவிட்டுத் திரும்புங்கள்.